எட்டு லட்சத்தை எங்கே வைப்பது? வீட்டுக் கடனும் ‘ஆஃப்செட்’ கணக்கும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த வரிகளை வெட்டியிருக்கிறேன். எண்கள் எல்லாம் எபிசோடில் சொன்னவையே.)

போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் வந்தது. அனுப்பிய தோழி பெருங்குடியில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஓஎம்ஆர் பக்கம் ஒரு ஃபிளாட் பார்த்து, முன்பணம் கட்டி, 50 லட்சம் ரூபாய் வீட்டுக் கடனுக்கு ஒப்புதலும் வாங்கிவிட்டார். பத்திரப் பதிவு, முத்திரைத்தாள், கப்போர்டு செலவு எல்லாம் போக கையில் 8 லட்சம் மிச்சம் இருக்கிறது. அந்த எட்டு லட்சத்துக்குத்தான் வீட்டில் சண்டை.

அவங்க அப்பா சொல்கிறார்: “கையில இருக்கிறத அப்படியே கடன்ல கட்டிடும்மா, கடன் கடன்தான்.” கணவர் சொல்கிறார்: “வேணாம், எஃப்டில போட்டு வை, நாளைக்கு ஒரு அவசரம்னா யாரு குடுப்பா?” வங்கியில் இருக்கும் லோன் ஆபீசரோ மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறார்: “மேடம், இந்த லோன எடுத்தீங்கன்னா எட்டு லட்சத்தையும் லோன் கணக்கிலயே போட்டு வைக்கலாம். அதுக்கு வட்டி ஓடாது. எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம். வட்டி மட்டும் கொஞ்சூண்டு ஜாஸ்தி.” தோழியின் கேள்வி: “ப்ரோ, மூணு பேர் சொல்றதும் சரி மாதிரிதான் இருக்கு. யார் சொல்றத கேக்குறது?”

கணக்கு போடாமல் இதற்குப் பதில் கிடைக்காது. ஆனால் பெரிய கணக்கு இல்லை, பயப்படாதீங்க.

முதலில் லோன் ஆபீசர் சொன்ன அந்த மூன்றாவது பொருள் என்ன என்று பார்ப்போம். பொதுப் பெயர் ஆஃப்செட் ஹோம் லோன். இங்கே ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொரு பெயர் வைத்து விற்றிருக்கிறது. எஸ்பிஐயில் மேக்ஸ்கெயின், பேங்க் ஆஃப் பரோடாவில் ஹோம் லோன் அட்வான்டேஜ், ஸ்டாண்டர்ட் சார்ட்டர்டில் ஹோம்சேவர். ஆஸ்திரேலியாவில் வீட்டுக் கடன் வாங்குகிறவர்களுக்கு இது தினசரி வார்த்தை, நம்ம ஊரில் ‘ரீசார்ஜ்’ மாதிரி.

சாதாரணக் கடனில் உங்கள் கடன் ஒரு பக்கம், உங்கள் சேமிப்பு இன்னொரு பக்கம், இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. கடனுக்கு நீங்கள் 8.5 சதவீதம் கட்டுவீர்கள். அதே வங்கியில் இருக்கும் உங்கள் சேமிப்புக் கணக்குக்கு வங்கி 3 சதவீதத்தைத் தாண்டித் தர மிகவும் யோசிக்கும். ஆஃப்செட்டில் இந்த இரண்டையும் கோர்த்துவிடுகிறார்கள். ஒவ்வொரு நாள் முடிவிலும் வங்கியின் கம்ப்யூட்டர் உங்கள் கடன் பாக்கியிலிருந்து நீங்கள் போட்டு வைத்திருக்கும் பணத்தைக் கழிக்கிறது. மிச்சத்துக்கு மட்டும் அன்றைய வட்டியைப் போடுகிறது. ஐம்பது லட்சம் கடன், எட்டு லட்சம் போட்டிருக்கிறீர்கள் என்றால் அன்றைக்கு 42 லட்சத்துக்குத்தான் வட்டி. நாளைக்கு இரண்டு லட்சத்தை எடுத்தால் 44 லட்சத்துக்கு. அவ்வளவுதான் இயந்திரம்.

இதற்கு வங்கி வாங்கும் விலை, கூடுதல் வட்டி விகிதம். எவ்வளவு என்பது வங்கிக்கு வங்கி, காலத்துக்குக் காலம் மாறும். நான் எடுத்துக்கொள்ளும் எண்: சாதாரணக் கடன் 8.5, ஆஃப்செட் 8.9. உங்களுக்குச் சொன்ன எண்களை வைத்து நீங்களே திருப்பிப் போட்டுப் பார்க்கணும். 20 வருடத்துக்கு சாதாரணக் கடனின் இஎம்ஐ 43,391 ரூபாய். ஆஃப்செட்டில் 44,665.

இப்போது மூன்று பேர் சொன்னதையும் முதல் மாதத்தில் வைத்துப் பார்ப்போம். இஎம்ஐயை விட்டுவிடுங்கள், வட்டியாகக் கரைந்து போகும் பணத்தை மட்டும் பார்ப்போம்.

கணவர் வழி. 50 லட்சத்துக்கு 8.5 சதவீதம், முதல் மாத வட்டி 35,417. எட்டு லட்சம் எஃப்டியில் 7 சதவீதத்துக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 56,000 வரும். தோழி 30 சதவீத வரி வரம்பில் இருக்கிறார், செஸ் சேர்த்து 31.2. வரி போக 38,528, மாதத்துக்கு 3,211. எஃப்டி வட்டிக்கு வரி உண்டு என்பதை நிறையப் பேர் ரிட்டர்ன் போடும்போதுதான் ஞாபகப்படுத்திக்கொள்கிறார்கள். ஆக நிகரமாக மாதம் 32,206 போகிறது.

அப்பா வழி. எட்டு லட்சத்தையும் கட்டிவிட்டார். 42 லட்சத்துக்கு 8.5 சதவீதம், 29,750. தனிநபர்கள் வாங்கும் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. அதனால் இதில் வேறு செலவு எதுவும் இல்லை.

லோன் ஆபீசர் வழி. 42 லட்சத்துக்கு 8.9 சதவீதம், 31,150.

வரிசை தெரிகிறதா? அப்பா முதலிடம், ஆஃப்செட் நடுவில், எஃப்டி கடைசி. ஆஃப்செட் எஃப்டியை மாதம் 1,056 ரூபாயில் ஜெயிக்கிறது. அப்பாவிடம் மாதம் 1,400 ரூபாயில் தோற்கிறது. எட்டு லட்சம் எஃப்டியில்கூட இல்லாமல் 3 சதவீத சேமிப்புக் கணக்கில் சும்மா கிடக்கிறது என்றால் (நம்மில் பலருக்கு அதுதான் உண்மை) ஆஃப்செட்டின் லாபம் மாதம் 2,900 பக்கம் போகும்.

எஃப்டி ஏன் இப்படித் தோற்கிறது என்பதை ஒரு நிமிடம் பார்க்கலாம். ஆஃப்செட்டில் உங்களுக்கு வட்டி வருமானம் என்று ஒன்று வருவதே இல்லை, கட்ட வேண்டிய வட்டிதான் குறைகிறது. வராத வருமானத்துக்கு வரி கிடையாது. 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு 8.9 சதவீத வட்டி மிச்சமாவது, வரிக்கு முன் கிட்டத்தட்ட 13 சதவீதம் தரும் எஃப்டிக்குச் சமம். அப்படி ஒரு எஃப்டியை யாராவது காட்டினால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு திருத்தம். குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டியில் வருடத்துக்கு இரண்டு லட்சம் வரை கழிவு உண்டு. நம்ம உதாரணத்தில் ஆஃப்செட் போட்ட பிறகும் முதல் வருட வட்டி மூன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கிறது, அதனால் ஆரம்ப வருடங்களில் அந்தக் கழிவு பாதிக்காது. ஆனால் ஆஃப்செட்டில் போட்ட எட்டு லட்சத்தை அசல் திருப்பிக் கட்டியதாகக் காட்டி கழிவு கேட்க முடியாது. அது இன்னும் உங்கள் பணம்தான். புதிய வரி முறையில் இருந்தால் இந்தப் பத்தியை அப்படியே மறந்துவிடலாம்.

சரி, அப்பாதானே ஜெயித்தார், அவர் சொன்னபடி கட்டிவிடலாமே? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

அப்பா வழியில் கட்டிய எட்டு லட்சம் திரும்பி வராது. அது சுவராகவும் டைல்ஸாகவும் ஆகிவிட்டது. வாய்ஸ் நோட்டின் நடுவில் தோழி போகிற போக்கில் ஒன்று சொன்னார்: போன வருடம் அவர் டீமில் பாதிப் பேரை ஒரே வெள்ளிக்கிழமையில் அனுப்பிவிட்டார்கள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை அவருக்கு வந்தால், “நான்தான் எட்டு லட்சம் அதிகமா கட்டியிருக்கேனே, அதுல ரெண்டு குடுங்க” என்று வங்கியில் கேட்க முடியாது. டாப்-அப் லோன் என்று ஒன்று இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதற்கு மூன்று மாத சம்பளச் சீட்டு கேட்பார்கள். பணம் தேவைப்படும் அதே மாதத்தில்தான் சம்பளச் சீட்டு இருக்காது. முன்கூட்டிக் கட்டியதால் அடுத்த மாத இஎம்ஐயும் நிற்காது. 20 வருடக் கடன் 14 வருடக் கடனாக மாறியிருக்கும், ஆனால் ஐந்தாம் தேதி வந்தால் இஎம்ஐ வந்துதான் ஆகணும்.

ஆஃப்செட்டில் அந்த எட்டு லட்சம் மொபைல் ஆப்பில் ஒரு டிரான்ஸ்ஃபர் தூரத்தில் இருக்கிறது. இஎம்ஐ 45,000, வீட்டுச் செலவு 50,000 என்று வைத்தால் எட்டு மாதம் தாங்கும்.

அதனால் அந்த மாதம் 1,400 ரூபாயை நான் நஷ்டம் என்று பார்ப்பதில்லை, இன்ஷூரன்ஸ் பிரீமியம் என்று பார்க்கிறேன். 42 லட்சத்தின் மேல் 0.4 சதவீதம், முதல் வருடம் 16,800 ரூபாய். கடன் குறையக் குறைய பிரீமியமும் குறையும். முழுக் காலத்துக்கும் கணக்கு போட்டால் இப்படி வருகிறது. இரண்டு வழியிலும் மாதம் 44,665 கட்டுகிறீர்கள், எட்டு லட்சத்தைத் தொடவே இல்லை என்றால், அப்பா வழியில் கடன் 156 மாதத்தில் முடியும். ஆஃப்செட் வழியில் 162-வது மாதத்தில், போட்டு வைத்த எட்டு லட்சத்தைக் கொண்டு மிச்சக் கடனை அடைத்துவிடலாம். வித்தியாசம் ஆறு மாத இஎம்ஐ, கிட்டத்தட்ட மூன்று லட்சத்துக்குள். பதிமூன்று வருடம் எட்டு லட்சத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்ததற்கான மொத்த விலை அதுதான்.

விளம்பரங்களில் இந்த ஒப்பீட்டைக் காட்ட மாட்டார்கள். “20 வருடக் கடன் பதிமூன்றரை வருடத்தில் முடியும்” என்று காட்டுவார்கள். முடியும்தான், பொய்யில்லை. ஆனால் அதே பணத்தைச் சாதாரணக் கடனில் கட்டியிருந்தால் பதின்மூன்றிலேயே முடிந்திருக்கும். கடன் சீக்கிரம் முடிவது ஆஃப்செட்டின் மந்திரம் இல்லை, எட்டு லட்சத்தின் வேலை. ஆஃப்செட் உங்களுக்கு விற்பது பணத்தைத் திருப்பி எடுக்கும் உரிமையை மட்டும்தான்.

அந்த உரிமை உங்களுக்கு எவ்வளவு பணத்துக்கு வேண்டும் என்பதுதான் அடுத்த கேள்வி. ஏனென்றால் அப்பாவும் கணவரும் ஒத்துப்போகக்கூடிய ஒரு நாலாவது வழி இருக்கிறது, வீட்டில் யாரும் அதைச் சொல்லவில்லை. சாதாரணக் கடன் எடுத்து, பாதியைக் கட்டிவிட்டு, பாதியை எஃப்டியில் வைப்பது.

ஐந்து லட்சத்தைக் கட்டி மூன்றை எஃப்டியில் வைத்தால்: 45 லட்சத்துக்கு வட்டி 31,875, எஃப்டியிலிருந்து வரி போக 1,204, நிகரம் 30,671. ஆஃப்செட்டின் 31,150-ஐ விட மாதம் 479 ரூபாய் குறைவு! மாற்றிப் போடுவோம். மூன்று லட்சத்தைக் கட்டி ஐந்தை எஃப்டியில் வைத்தால் நிகரம் 31,285. இப்போது ஆஃப்செட் 135 ரூபாயில் ஜெயிக்கிறது. ஆக மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் எங்கேயோ ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்க ஒரே வரி போதும். கூகுள் ஷீட்டில் போட்டுக்கலாம்:

```
keep_liquid = (loan - cash) * (offset_rate - plain_rate) / (plain_rate - fd_after_tax)
```

நம்ம எண்களைப் போட்டால்:

```
(5000000 - 800000) * (8.9 - 8.5) / (8.5 - 4.8) = 454054
```

சுமார் நாலரை லட்சம். உங்கள் வீட்டுக்கு எப்போதும் கையில் இருக்க வேண்டிய பணம் இதற்குக் குறைவு என்றால் சாதாரணக் கடன் எடுத்து, மிச்சத்தைக் கட்டிவிட்டு, அந்தப் பணத்தை மட்டும் எஃப்டியில் வைப்பது லாபம். அதற்கு மேல் என்றால் ஆஃப்செட். கூடுதல் வட்டி 0.4 இல்லாமல் 0.2 என்றால் கோடு பாதியாகி இரண்டேகால் லட்சத்துக்கு வந்துவிடும். அதனால் “கொஞ்சூண்டு ஜாஸ்தி” என்று யாராவது சொன்னால் அந்தக் கொஞ்சூண்டு எத்தனை பாயிண்ட் என்று எழுதி வாங்குங்கள். முழு முடிவும் அந்த ஒரு எண்ணில் தொங்குகிறது.

இது தவிர, “சம்பளத்தை ஆஃப்செட்டில் போட்டு வைத்தாலே போதும், வட்டி தானாகக் குறையும்” என்று ஒரு வாட்ஸ்அப் ஞானம் சுற்றுகிறது. இஎம்ஐ போக 1,15,000 ரூபாய் அந்தக் கணக்கில் ஒரு நாள் கிடந்தால் மிச்சமாகும் வட்டி 28 ரூபாய். ஒரு டீ, ஒரு வடை. அந்தப் பணம் மாதம் முழுக்கக் கிடக்காது, வாடகை, மளிகை, ஸ்கூல் ஃபீஸ் என்று கரைந்துகொண்டே இருக்கும். மாதச் சராசரி 40,000 தங்கினால் வருடத்துக்கு 3,560 ரூபாய் மிச்சம். நல்லதுதான், ஆனால் ஐம்பது லட்சம் கடனில் இதை மட்டும் நம்பி ஆஃப்செட் எடுத்தால், கூடுதல் வட்டியாக முதல் வருடமே 20,000 கொடுத்து 3,560 சம்பாதிக்கிறீர்கள். மொத்தமாக ஒரு தொகை சும்மா கிடக்கிறவர்களுக்குத்தான் இந்தக் கடன். போனஸ் வாங்குகிறவர்கள், பங்குகளை விற்றவர்கள், சொந்தத் தொழில் செய்கிறவர்கள். மாதக் கடைசியில் கணக்கு நூறு ரூபாய்க்கு வருகிறவர்களுக்கு இல்லை.

இப்போது ஆஃப்செட்டையே எடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆப்பைத் திறந்து பார்த்தால் தலை சுற்றும். நிறையப் பேர் தப்பு பண்ணுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

இங்கே இந்தக் கடன் பெரும்பாலும் ஓவர்டிராஃப்ட் கணக்காக, அதாவது ஓடியாக வருகிறது. கணக்கின் இருப்பு மைனசில்தான் தெரியும். கூடவே டிராயிங் பவர் என்று ஒரு எண் இருக்கும். இன்றைய தேதிக்கு நீங்கள் அதிகபட்சம் எவ்வளவு கடன்பட்டிருக்கலாம் என்பதன் வரம்பு அது. முதல் நாள் வரம்பு 50,00,000. எட்டு லட்சம் போட்டதால் நீங்கள் உண்மையில் பட்ட கடன் 42,00,000. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் எட்டு லட்சம்தான் நீங்கள் எடுக்கக்கூடிய பணம்.

ஒரு மாதம் போகிறது. வட்டி 31,150 ஏறுகிறது. இஎம்ஐ 44,665 உள்ளே வருகிறது. கடன் 41,86,485 ஆகிறது. வரம்பும் இறங்குகிறது, ஆனால் அது உங்கள் எட்டு லட்சத்தைப் பற்றிக் கவலைப்படாது. முதல் நாள் போட்ட அட்டவணைப்படி, முழு 50 லட்சத்துக்கும் வட்டி கட்டியதாகவே நினைத்து 7,582 மட்டும் இறங்கி 49,92,418-க்கு வருகிறது. இப்போது இரண்டையும் கழித்துப் பாருங்கள். 8,05,933.

எட்டு லட்சம் போட்டீர்கள், ஒரு மாதத்தில் அது 8,05,933 ஆக நிற்கிறது. அந்த 5,933 என்ன? நீங்கள் கட்டாமல் தப்பித்த வட்டி. எட்டு லட்சத்துக்கு ஒரு மாதத்துக்கு 8.9 சதவீதம், சரியாக அதேதான். இஎம்ஐயும் குறையவில்லை, அட்டவணையும் 20 வருடமாகவே நிற்கிறது. உங்கள் லாபம் இந்த எடுக்கக்கூடிய இருப்பில் மட்டும்தான் சேருகிறது. “பணம் போட்டேன், இஎம்ஐயும் குறையல, வருஷமும் குறையல, ஏமாத்திட்டாங்க” என்று கோபப்படுகிறவர்கள் தவறான எண்ணைப் பார்க்கிறார்கள்.

இதே இடத்தில்தான் எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. என் நண்பன் ஒருவன் மாதாமாதம் கூடும் அந்த ஆறாயிரத்தை ஏதோ வட்டி வருமானம் என்று நினைத்து எடுத்துச் செலவழித்துக்கொண்டிருந்தான். ஒன்றரை வருடம். எட்டு லட்சம் அப்படியே இருக்கிறதே என்ற திருப்தி வேறு. உண்மையில் அவன் செய்தது, கடனில் மிச்சமான வட்டியை அதே கடனிலிருந்து திரும்பக் கடனாக வாங்கி பிரியாணி சாப்பிட்டதுதான். கூடுதல் வட்டி விகிதத்தை முழுசாகக் கொடுத்துக்கொண்டே, கடன் ஒரு நாள்கூடச் சுருங்காமல் பார்த்துக்கொண்டான். நீங்கள் இதைச் செய்கிறீர்களா என்று கண்டுபிடிக்க சுலபமான வழி: ஒவ்வொரு மாதமும் இஎம்ஐ போன பிறகு எடுக்கக்கூடிய இருப்பைப் பாருங்கள். அது ஒவ்வொரு தடவையும் கூடணும், நம்ம உதாரணத்தில் முதல் நாள் 8,00,000, ஒரு மாதம் கழித்து 8,05,933. வட்டி விகிதம் மாறாத வரை, கூடும் வேகமும் மாதாமாதம் கொஞ்சம் கூடணும். இருப்பு கூடாமல் அப்படியே நின்றால் பணம் எங்கேயோ ஒழுகுகிறது.

பல வருடம் கழித்து வரும் இன்னொரு விஷயம். கடனும் போட்ட பணமும் சமமாகிவிட்டால் இருப்பு பூஜ்ஜியத்தைத் தொட்டு, பிறகு பிளஸ்ஸில் போக ஆரம்பிக்கும். அங்கே இருந்து நீங்கள் போடும் பணத்துக்கு எந்தப் பலனும் இல்லை. கழிக்கக் கடன் இல்லை, வங்கியும் வட்டி தராது. நடப்புக் கணக்கில் பணம் போட்ட மாதிரி சும்மா கிடக்கும். அந்தப் புள்ளி வந்ததும் கடனை முடித்துப் பத்திரத்தை வாங்குவதா, அல்லது வெறும் ஒரு அவசர வரம்பாக வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்கலாம். எதுவானாலும் அதற்கு மேல் அங்கே பணம் கொட்டாதீர்கள்.

எல்லா வங்கியும் ஓடி முறையில் செய்வதில்லை. சிலது கடன் கணக்கைத் தனியாக வைத்து, ஒரு நடப்புக் கணக்கையோ சேமிப்புக் கணக்கையோ அதோடு இணைக்கும். அங்கே மிச்சமாகும் வட்டி பெரும்பாலும் நேராக அசலில் போய், கடன் காலம் சுருங்கும். பிரியாணி ஆபத்து இதில் குறைவு. ஆனால் இணைத்த கணக்கில் இருக்கும் பணம் முழுவதையும் கழிக்கிறார்களா, ஒரு பகுதியை மட்டுமா, நாள் இருப்பைப் பார்க்கிறார்களா, மாதத்தின் குறைந்தபட்ச இருப்பைப் பார்க்கிறார்களா என்று கேட்காமல் கையெழுத்து போடக்கூடாது. மாதக் குறைந்தபட்ச இருப்பு என்றால், இருபத்தெட்டாம் தேதி ஒரே ஒரு நாள் பணம் எடுத்ததற்கு மாதம் முழுக்கப் பலன் போய்விடும்.

இன்னொன்று, வேலை போகும் பயத்துக்காக இதை எடுப்பவர்களுக்கு. ஓடியில் இருக்கும் பணம் உங்கள் பணம்தான், ஆனால் அதை எடுக்கும் கதவு வங்கியின் கையில் இருக்கிறது. இஎம்ஐ தவறி கணக்கு ஒழுங்கற்றது ஆகிவிட்டால் எடுக்க விடாமல் நிறுத்த வங்கியால் முடியும். வேலை போனால் இஎம்ஐ தவறும் வரை காத்திருக்காமல், முதல் வாரத்திலேயே மூன்று மாதச் செலவை வெளியே எடுத்துச் சேமிப்புக் கணக்கில் வைத்துவிடுங்கள். அதற்கு வட்டி கொஞ்சம் போகும், போகட்டும்.

தோழிக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். “உங்க வீட்டுக்கு எத்தனை மாதச் செலவு கையில் இருக்கணும்?” என்று கேட்டேன். மாதம் 95,000 என்று வைத்தால் மூன்று மாதத்துக்கு 2,85,000, ஆறு மாதத்துக்கு 5,70,000. கோடு நாலரை லட்சத்தில் இருக்கிறது. கணவருக்கு அரசு வேலையோ, வேறு துறையிலோ வேலை இருந்தால் மூன்று மாதம் போதும், சாதாரணக் கடனை எடுத்து ஐந்து லட்சத்தைக் கட்டிவிடுங்கள் என்றும் சொன்னேன்.

மறுநாள் பதில் வந்தது. “ப்ரோ, அவரும் எங்க கம்பெனிதான். அதே ஃப்ளோர்.”

அப்புறம் எதற்கு யோசனை! இரண்டு சம்பளமும் ஒரே வெள்ளிக்கிழமையில் நிற்கலாம் என்றால் எட்டு மாதம்கூட அதிகம் இல்லை. மாதம் 1,400 பிரீமியம் நியாயமான விலை. ஆஃப்செட்டே எடுங்கள் என்றேன். கூடுதல் வட்டி 0.4-தானா என்று எழுத்தில் கேட்டு, டிராயிங் பவர் அட்டவணையை வாங்கி வைத்துக்கொண்டு, அப்பாவிடம் காட்ட 156-க்கும் 162-க்கும் உள்ள ஆறு மாத வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாராம். அவர் ஒத்துக்கொண்டாரா என்று அடுத்த எபிசோடுக்குள் கேட்டுச் சொல்கிறேன்.